நோட்டீஸில் ஒரு தொகை, பதிலில் ஏழு

ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து வரும் காரணம் கேட்கும் நோட்டீஸ் பெரும்பாலும் நீளமானதல்ல. ஆண்டு முழுவதும் வணிகர் GSTR-3B-யில் எடுத்த உள்ளீட்டு வரி வரவு இவ்வளவு, அவருக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின்படி GSTR-2A-வில் தெரிவது இவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டியோடும் அபராதத்தோடும் ஏன் வசூலிக்கக் கூடாது என்று கேட்டிருக்கும். கீழே ஒரே ஒரு தொகை. கடைக்காரர் அந்தத் தொகையைப் பார்த்துத் திகைக்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் இதேபோன்ற நோட்டீஸ்கள் ஏற்கெனவே ஒரு கட்டு கிடக்கின்றன. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பதில் போகிறது. இருபது பக்கம், பதினைந்து தீர்ப்புகள். எந்த பில்லுக்கு எந்த வாதம் என்பது மட்டும் அதில் எங்கும் இருப்பதில்லை.

இப்படிப்பட்ட பதில்கள் தோற்பதற்குத் தீர்ப்புகள் காரணமல்ல. நோட்டீஸில் இருக்கும் அந்த ஒற்றைத் தொகை உண்மையில் ஒரே தொகை இல்லை. வெவ்வேறு காரணங்களால் வந்த பல தொகைகளை யாரோ கூட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு, ஆவணம் வேறு, சட்டப்பிரிவு வேறு. சிலவற்றுக்குச் சட்ட வாதமே தேவையில்லை, கணக்கைக் காட்டினால் போதும். சிலவற்றில் வணிகர் பக்கம் தவறு இருக்கும், கட்டிவிட்டு நகர்வதுதான் நல்லது. உண்மையான சண்டை மீதமிருக்கும் ஒன்றிரண்டில்தான். மொத்தத்தையும் ஒரே வாதத்தால் காப்பாற்ற முயலும்போது, வலுவான பகுதியும் பலவீனமான பகுதியோடு சேர்ந்து மூழ்குகிறது.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டியில் கம்பி, தகடு, குழாய் விற்கும் இரும்புக்கடை. இது எந்தத் தனி வணிகரின் வழக்கும் அல்ல, விளக்குவதற்காகக் கட்டிய கணக்கு. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு வகைச் சிக்கலும் தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் அன்றாடம் நடப்பது. ஆண்டு 2021-22. அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடு 2022 டிசம்பர் 31. மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத 73ஆம் பிரிவு வழக்கில், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உத்தரவு போட வேண்டும். அதற்கு மூன்று மாதம் முன்பாவது நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆகவே நோட்டீஸுக்குக் கடைசி நாள் 2025 செப்டம்பர் 30. நம் கடைக்காரருக்கு ஆகஸ்ட் 22 அன்று வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

நோட்டீஸில் இரண்டு குற்றச்சாட்டுகள். முதலாவது, GSTR-3B-யில் எடுத்த வரவு ரூ.18,64,000, GSTR-2A-வில் இருப்பது ரூ.16,13,000, வித்தியாசம் ரூ.2,51,000. இரண்டாவது, ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய தகட்டுக்கு எடுத்த ரூ.1,80,000. இந்த பில்கள் 2A-வில் இருக்கின்றன. ஆனால் அந்த விற்பனையாளர் வரியைக் கட்டவில்லை, பிறகு அவருடைய பதிவும் ரத்தாகிவிட்டது என்கிறது நோட்டீஸ். மொத்தம் ரூ.4,31,000, அதன்மேல் 18 சதவீத வட்டி, 10 சதவீத அபராதம்.

முதல் வேலை எழுதுவதல்ல, பொருத்துவது. 2A என்பது நிலையான பட்டியல் இல்லை. விற்றவர் தாமதமாகக் கணக்குத் தாக்கல் செய்தால் அது பின்னாளிலும் மாறும். அதனால் அதிகாரி எடுத்த எண் என்றைய எண் என்று பார்த்து, பன்னிரண்டு மாத 2A-வையும் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு கொள்முதல் பதிவேட்டை எக்செல்லில் அதன் அருகே வைத்து, விற்பனையாளரின் ஜிஎஸ்டி எண், பில் எண், வரித்தொகை மூன்றையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். முதல் சுற்றில் நிறைய பில்கள் பொருந்தாது. கடையில் ‘045/21-22’ என்று பதிந்ததை விற்றவர் ‘45’ என்று ஏற்றியிருப்பார். ஆகவே இரண்டாவது சுற்றில் பில் எண்ணை விட்டுவிட்டு, ஜிஎஸ்டி எண்ணையும் வரித்தொகையையும் மட்டும் வைத்துப் பொருத்த வேண்டும். அதற்குப் பிறகும் நிற்பவைதான் உண்மையான வித்தியாசம். நம் கடையில் அப்படி நின்றவை ஆறு குவியல்கள்.

முதல் குவியல் லாரி வாடகை. பதிவில்லாத லாரி ஏற்பாட்டாளர்களுக்குக் கொடுத்த வாடகைக்குக் கடைக்காரரே எதிர்முறையில் 5 சதவீத வரியை ரொக்கமாகக் கட்டி, அதை வரவாகவும் எடுத்திருக்கிறார்: ரூ.38,000. பதிவே இல்லாதவர் எப்படி 2A-வில் வருவார்? 3B-யில் இதற்கென்று தனிக்கட்டம், 4A(3), இருக்கிறது. கணக்குப் பிள்ளை அதைத் தவறுதலாக ‘மற்ற எல்லா வரவும்’ என்ற 4A(5) கட்டத்தில் போட்டுவிட்டார். அதிகாரி ஒப்பிட்டது அந்தக் கட்டத்தைத்தான். பதில் எளிது. 3.1(d) கட்டத்தில் அதே தொகை வரியாகக் காட்டப்பட்டிருப்பதையும், ரொக்கப் பேரேட்டிலிருந்து அது கழிந்திருப்பதையும், கடைக்காரர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட பில்களையும் இணைத்தால் முடிந்தது.

இரண்டாவது குவியல் ரூ.96,000. 2021 மார்ச் கடைசி வாரத்தில் பில் போட்டு, சரக்கு ஏப்ரலில் வந்து இறங்கியவை. விற்றவர் மார்ச் கணக்கில் காட்டியதால் முந்தைய ஆண்டின் 2A-வில் அவை இருக்கின்றன. சரக்கு கைக்கு வந்த பிறகே வரவு எடுக்க முடியும் என்று 16(2)(b) சொல்கிறது. கடைக்காரர் ஏப்ரலில் எடுத்தது சட்டப்படி சரியானது மட்டுமல்ல, மார்ச்சில் எடுத்திருந்தால்தான் தவறு. மார்ச் மாத 2A பக்கத்தையும், ஏப்ரல் தேதியிட்ட லாரி ரசீதையும், மார்ச் கணக்கில் இந்த வரவு எடுக்கப்படவில்லை என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். மூன்றாவது ஆவணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டிலும் எடுத்துவிட்டாரோ என்ற சந்தேகம் அதிகாரிக்கு இயல்பாக வரும், அதைத் தீர்ப்பது அந்தப் பக்கம்தான்.

மூன்றாவது ரூ.54,000. துருப்பிடித்த கம்பியைத் திருப்பி அனுப்பியதற்கு விற்றவர்கள் கொடுத்த கடன் குறிப்புகள், வியாபாரிகள் கிரெடிட் நோட் என்பது. கடைக்காரர் முழு வரவை 4A-வில் எடுத்து, திரும்பிய சரக்குக்கான வரியை 4B(2)-வில் கழித்துக் காட்டியிருக்கிறார். அதிகாரியோ கழிக்காத 4A-வைக் கழித்துவிட்ட 2A-வோடு ஒப்பிட்டார். ஒரு பக்கம் மொத்தம், மறு பக்கம் நிகரம். 4B(2) எண்ணைக் காட்டினால் இந்த வித்தியாசம் இல்லாமலாகிவிடும்.

இந்த மூன்றையும் கூட்டினால் ரூ.1,88,000. முதல் குற்றச்சாட்டின் பெரும்பகுதி ஒரு தீர்ப்பைக்கூட மேற்கோள் காட்டாமல் கரைந்துவிட்டது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மூன்று வகையையும் கண்டுபிடிக்கத் தேவையான விவரங்களில் பெரும்பாலானவை துறையின் கணினியிலேயே இருக்கின்றன. 3.1(d) கட்டமும் 4B(2) கட்டமும் முந்தைய ஆண்டின் 2A-வும் அதிகாரியின் திரையில் ஒரு சொடுக்கில் தெரிபவை. நோட்டீஸ் போடும் முன் அவற்றைப் பார்த்திருந்தால் முதல் குற்றச்சாட்டில் பாதிக்கு மேல் எழுந்தே இருக்காது. கெடு முடியப்போகிறது என்ற அவசரத்தில் இரண்டு எண்களைக் கழித்து நோட்டீஸ் ஆக்குவது விசாரணை ஆகாது. அதைச் சரிபார்க்கும் செலவு சிறு கடைக்காரர் தலையில் விழுவது நியாயமும் அல்ல.

நான்காவது குவியல் சிறியது, ஆனால் சட்டம் நுணுக்கமானது. 2021 அக்டோபரில் ஒரு விற்பனையாளர், ரூ.14,000 வரி கொண்ட பில்லை, பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டிவிட்டார். வரியை அவர் கட்டிவிட்டார், ஆனால் நம் கடைக்காரரின் 2A-வில் அது ஏறவில்லை. இதுபோன்ற தவறுகளுக்கென்றே மத்திய மறைமுக வரி வாரியம் 2022 டிசம்பர் 27 அன்று 183ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. அது 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கு. ஒரு விற்பனையாளரைப் பொறுத்த வித்தியாசம் ஆண்டுக்கு ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால், வரியைக் கட்டிவிட்டேன் என்று அவரே தரும் சான்று போதும். அதைத் தாண்டினால் அவருடைய பட்டயக் கணக்காளரோ செலவுக் கணக்காளரோ சான்று தர வேண்டும். 2023 ஜூலை 17 அன்று வந்த 193ஆம் எண் சுற்றறிக்கை இதே முறையை 2019 ஏப்ரல் முதல் 2021 டிசம்பர் வரை நீட்டியது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டையோடு. 2019 அக்டோபர் 9 முதல் 36(4) விதி நடைமுறையில் இருந்தது. விற்றவர் காட்டாத பில்களுக்கு எடுக்கும் வரவுக்கு, காட்டிய தகுதியுள்ள வரவின்மேல் ஒரு வரம்பை அது விதித்தது. முதலில் 20 சதவீதம், 2020 ஜனவரியிலிருந்து 10, 2021 ஜனவரியிலிருந்து 5. நம் கடையின் அக்டோபர் 2A தொகை ரூ.1,60,000. அதில் 5 சதவீதம் ரூ.8,000. விற்பனையாளரின் சான்றைக் கொண்டு ரூ.8,000-ஐக் காப்பாற்றலாம். எஞ்சிய ரூ.6,000-க்குச் சுற்றறிக்கையில் இடமில்லை. முழு ரூ.14,000-க்கும் சான்று இருக்கிறது என்று வாதிடும் பதில்களே அதிகம். அதிகாரி 36(4)-ஐ எடுத்துக் காட்டும் நிமிடத்தில் மற்ற வாதங்களின் மீதும் நம்பிக்கை குறைந்துவிடுகிறது. ஆறாயிரத்துக்காக அந்த நம்பிக்கையை இழப்பது நல்ல வியாபாரம் இல்லை.

ஐந்தாவது, 2022 மார்ச்சில் எடுத்த ரூ.27,000. இங்கே சட்டமே மாறிவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் 16(2)-இல் (aa) என்ற புதிய உட்பிரிவு அமலுக்கு வந்தது. விற்றவர் தன் கணக்கில் பில்லைக் காட்டி, அது வாங்கியவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால்தான் வரவு. ஐந்து சதவீதச் சலுகையும் போய்விட்டது. ஒரே நிதியாண்டில் முதல் ஒன்பது மாதத்துக்கு ஒரு சட்டம், கடைசி மூன்று மாதத்துக்கு வேறொன்று. ஆண்டு முழுவதையும் ஒரே வித்தியாசமாகக் காட்டும் நோட்டீஸ் இந்த எல்லைக்கோட்டைக் கவனிப்பதில்லை. கவனிக்காத பதில்களும் உண்டு. 2018 அக்டோபர் 18 அன்று வெளியான அரசின் செய்திக்குறிப்பு, 2A வெறும் வசதிக்கான பார்வைப் பட்டியல், அது வரவெடுக்கும் உரிமையைப் பாதிக்காது என்றது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் பார்தி ஏர்டெல் வழக்கில் சொன்னதும் ஏறக்குறைய இதே கருத்து. இவற்றை 2021 டிசம்பர் வரைக்கான பில்களுக்கு முன்வைக்கலாம். 2022 மார்ச் பில்லுக்கு வைத்தால் செல்லாது.

இந்த ரூ.27,000-க்கு என்ன பதில்? விற்றவர் அந்த பில்லை மார்ச் கணக்கில் காட்டாமல் மே மாதக் கணக்கில்தான் காட்டினார். அப்போது அது 2B பட்டியலில் ஏறியது. ஆகவே வரவு இல்லாத ஒன்று எடுக்கப்படவில்லை, இரண்டு மாதம் முன்னதாக எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு வரவுக்கான கடைசி நாளான 2022 நவம்பர் 30-க்கு வெகுமுன்பே நிபந்தனை நிறைவேறிவிட்டது. வட்டி வேண்டுமானால் அந்த இடைப்பட்ட காலத்துக்கு மட்டும், அதுவும் வரவு பயன்படுத்தப்பட்டிருந்தால் மட்டும். இது நியாயமான வாதம். ஆனால் அதிகாரி, முதலில் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும், பிறகு உரிய மாதத்தில் எடுத்திருக்க வேண்டும், இப்போது கெடு கடந்துவிட்டது என்று சொல்ல இடம் உண்டு. அதனால் இதைத் தனித் தலைப்பாக, 2B பக்கத்தோடு வைக்க வேண்டும்.

ஆறாவது குவியலில் வாதமே கிடையாது. ஒரு பில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது: ரூ.22,000. ஆகஸ்ட் மாதக் கணக்கில் எடுத்த இந்த வரவை செப்டம்பர் 20 அன்று பயன்படுத்தியதாக வைத்துக்கொள்வோம். இதையும் அக்டோபர் மாதத்து ரூ.6,000-ஐயும் DRC-03 வழியாகக் கட்டிவிட வேண்டும். நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லை என்கிறது 73(8). அந்தப் பகுதிக்கு அபராதம் கேட்க முடியாது என்று பதிலில் எழுதலாம். வட்டியை மட்டும் பாருங்கள்: ரூ.22,000-க்கு 2021 செப்டம்பர் 20 முதல் 2025 செப்டம்பர் 20 வரை நான்கு ஆண்டு, 18 சதவீதம், ரூ.15,840. நான்காண்டுக்குப் பிறகு வரும் நோட்டீஸில் வட்டி அசலை நெருங்கிவிடுகிறது.

வட்டியைக் கட்டும் முன் பேரேட்டைப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். 50(3) பிரிவின்படி தவறாக எடுத்த வரவுக்கு வட்டி, அது பயன்படுத்தப்பட்டால் மட்டுமே. 2022இல் செய்த திருத்தம் இதை 2017 ஜூலை 1 முதலே பொருந்துமாறு ஆக்கியது. கடைக்காரரின் மின்னணு வரவுப் பேரேட்டில் அந்தக் காலம் முழுவதும் ரூ.22,000-க்குக் குறையாமல் இருப்பு கிடந்திருந்தால், வட்டி எழவே எழாது. மாதாமாதம் பேரேட்டை இறக்கி, மிகக் குறைந்த இருப்பை வட்டமிட்டுக் காட்ட வேண்டும்.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. ரூ.1,80,000. சட்டம் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான். 16(2)(c) சொல்வது, அந்தச் சரக்குக்கான வரி உண்மையில் அரசுக்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று. வாங்கியவர் பில்லுக்கு முழுப் பணம் கொடுத்துவிட்டார், வரியும் அதில் அடக்கம். விற்றவர் அதை வாங்கிக்கொண்டு கட்டாமல் போனால் வாங்கியவர் மறுபடியும் கட்ட வேண்டுமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் நாடுவது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 பிப்ரவரி 24 அன்று தீர்த்த டி.ஒய். பீத்தல் என்டர்பிரைசஸ் வழக்கு. நாகர்கோவில் பகுதி ரப்பர் ஷீட் வியாபாரிகள் தொடுத்தது. அவர்களுக்கு விற்றவர்கள் வரி கட்டவில்லை என்று சொல்லி வரவு மறுக்கப்பட்டது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கேட்டது நேரடியானது. வரியை வசூலித்துக் கட்டாமல் விட்டவர் விற்றவர் என்றால், அவர்மீது ஏன் நடவடிக்கை இல்லை? விசாரணையில் அவரை ஏன் அழைத்து விசாரிக்கவில்லை? சரக்கே நகரவில்லை என்று துறை சொல்லும்போது அவரை விசாரிப்பது இன்னும் அவசியமாகிறதே என்றது தீர்ப்பு. உத்தரவுகள் ரத்தாகி, புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்பப்பட்டன.

இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்களில் பலர், வரவு கிடைத்துவிட்டதாகவே எழுதுகிறார்கள். அப்படி இல்லை. திரும்ப விசாரிக்கச் சொன்னதுதான் அதன் முடிவு. அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காட்டி, பதிலில் ஒரு திட்டவட்டமான கோரிக்கை வைக்க வேண்டும்: இந்த விற்பனையாளருக்கு அழைப்பாணை அனுப்புங்கள், அவர்மீது எடுத்த வசூல் நடவடிக்கையின் நகலை எனக்குத் தாருங்கள், அவர் சொன்னதை வைத்து என்னைக் கேட்பதானால் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய விடுங்கள். எழுத்தில் கேட்டது மறுக்கப்பட்டால், அந்த மறுப்பே பின்னால் மேல்முறையீட்டில் காரணமாகிறது. கேட்காமல் விட்டால் தீர்ப்பின் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

இதோடு நிற்பது அரசின் சொந்த வார்த்தை. 2018 மே 4 செய்திக்குறிப்பு, விற்றவர் வரி கட்டாவிட்டால் வாங்கியவரின் வரவு தானாகத் திரும்பாது, விற்றவரிடமிருந்துதான் வசூல் என்றது. ஆள் காணாமல் போனது, கடையை மூடியது, சொத்தில்லாதது போன்ற அசாதாரண நிலைகளில் மட்டுமே வாங்கியவரிடம் வரலாம் என்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சன்கிராஃப்ட் எனர்ஜி வழக்கில் இதை வைத்தே வணிகர் பக்கம் தீர்த்தது. அந்த டிசம்பரில் துறையின் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆனால் தொகை சிறியது என்பதையும் அது கணக்கில் கொண்டது. ஆகவே அதைச் சட்டத்தின் கடைசி வார்த்தையாகக் காட்டக் கூடாது. மறு பக்கத்தில் பாட்னா உயர் நீதிமன்றம் 2023இலும் கேரள உயர் நீதிமன்றம் 2024இலும் 16(2)(c)-க்கு ஆதரவாகவே தீர்த்திருக்கின்றன. சட்டம் இன்னும் இரண்டு கரையிலும் நிற்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பிலும் முடிவைத் தீர்மானிப்பது ஆவணம்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதை, உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்த்த ஈகாம் கில் காபி வழக்கு சொல்கிறது. கர்நாடகத்தின் பழைய மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. பில்லும் காசோலையும் மட்டும் போதாது, சரக்கு உண்மையில் வந்தது என்பதை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வண்டி எண், வாடகை கொடுத்த விவரம், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வேண்டும் என்றது. ஜிஎஸ்டி சட்டத்தின் 155ஆம் பிரிவும் நிரூபிக்கும் பொறுப்பை வரவு கேட்பவர்மீதே வைக்கிறது. துறையின் பக்கம் இந்தத் தீர்ப்பு கட்டாயம் வரும். அதைப் பார்க்காததுபோல விடாமல், பதிலே அதை எடுத்துப் பேசி, அது கேட்கும் ஒவ்வொன்றையும் தந்துவிட வேண்டும்.

நம் இரும்புக்கடை என்ன தரலாம்? தகடு வந்த ஒவ்வொரு நடைக்கும் இ-வே பில். மாநிலத்துக்குள் ரூ.1 லட்சத்துக்கு மேல் போனால் தமிழ்நாட்டில் அது கட்டாயம். அதே வண்டி எண் கொண்ட லாரி ரசீது. எடைமேடைச் சீட்டு, அதிலுள்ள எடை பில்லில் உள்ள எடையோடு பொருந்த வேண்டும். இருப்புப் பதிவேட்டில் அன்றைய வரவு. அந்தத் தகடு பின்னர் யாருக்கு விற்கப்பட்டது என்பதன் பில்கள், ஏனென்றால் வராத சரக்கை விற்க முடியாது. 180 நாளுக்குள் முழுப் பணமும் வங்கி வழியாகப் போனதற்கான கணக்கு அறிக்கை. கடைசியாக, ஜிஎஸ்டி தளத்தில் அந்த விற்பனையாளரின் எண்ணைத் தேடினால் கிடைக்கும் பக்கம். பதிவு எந்த நாளிலிருந்து ரத்து, எந்த மாதக் கணக்குகள் எப்போது தாக்கலாயின என்பது அதில் தெரியும். வாங்கிய நாளில் பதிவு உயிரோடு இருந்தது, ரத்து உத்தரவு பிறகு வந்து பின்தேதியிடப்பட்டது என்றால் அந்த ஒரு பக்கமே பெரிய சாட்சி. எடைச்சீட்டு இல்லாமல், லாரி ரசீதும் இல்லாமல், பில்லும் வங்கிக் கணக்கும் மட்டும் இருக்கும் வணிகருக்கு எந்தத் தீர்ப்பும் பெரிதாக உதவாது. இதை ஆடிட்டர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாங்கியவரின் கையில் ஒன்று மட்டும் இருக்கவே முடியாது. விற்றவர் 3B-யில் எவ்வளவு கட்டினார் என்பது. அந்தத் திரை துறைக்கு மட்டும்தான் திறக்கிறது. தான் பார்க்க முடியாத ஒன்றுக்கு ஒரு வணிகரைப் பொறுப்பாக்கிவிட்டு, பார்க்க முடிந்தவரே அதைக் காட்டாமல் இருப்பதை ஏற்க முடியாது. உத்தரவில் அதிகாரி எழுத வேண்டிய முதல் வரி, அந்த விற்பனையாளர் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டவில்லை, அவரிடமிருந்து வசூலிக்க என்ன செய்யப்பட்டது என்பதாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத உத்தரவு முழுமையற்றது.

பதில் DRC-06 படிவத்தில் போகிறது. நேரில் விளக்கம் தர விரும்புகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அதில் ‘ஆம்’ என்று குறிக்காமல் விட்டவர்கள் ஏராளம். எதிராக முடிவெடுக்க நினைத்தால் கேட்காவிட்டாலும் விசாரணை வாய்ப்புத் தர வேண்டும் என்று 75(4) சொல்வது உண்மைதான், ஆனால் அதற்காக உயர் நீதிமன்றம் வரை போவதைவிட ஒரு குறியிடுவது மலிவு. பதிலின் முதல் பக்கத்தில் ஏழு தொகைகளும் ஒரு சிறிய அட்டவணையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் எதிரே இணைப்பு எண்ணோடு. ஒரு குவியலுக்கான வாசகம் இப்படி இருந்தால் போதும்: ‘ரூ.54,000: கடன் குறிப்புகளுக்கான இந்த வரி 4B(2)-இல் ஏற்கெனவே திருப்பப்பட்டுள்ளது, இணைப்பு 3, பக்கம் 11 முதல் 14 வரை. நிகரத் தொகைகளை ஒப்பிட்டால் வித்தியாசம் எதுவும் இல்லை. இந்தத் தலைப்பின் கோரிக்கையைக் கைவிடக் கேட்டுக்கொள்கிறோம்.’ விசாரணைக்கு நேரம் பத்து நிமிடம் கிடைக்கலாம். அதிகாரி புரட்டப்போவது அந்த முதல் பக்கத்தைத்தான்.

நோட்டீஸே கண்ணில் படாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் சாதாரண அறிவிப்புகள் ஓரிடத்தில் வரும், இந்த நோட்டீஸ்கள் View Additional Notices/Orders என்ற வேறோர் இடத்தில் கிடக்கும். அங்கே பார்க்காமல் இருந்து, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகு நீதிமன்றம் ஓடியவர்களின் மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வரிசையாக வந்தன. பல வழக்குகளில் உத்தரவு ரத்தாகி மறு வாய்ப்புக் கிடைத்தது, ஆனால் கேட்ட வரியில் ஒரு பகுதியை முதலில் கட்டச் சொல்லித்தான்.

உத்தரவு DRC-07 ஆக வந்ததும் 75(7)-ஐ வைத்துச் சரிபார்க்க வேண்டும். நோட்டீஸில் கேட்டதைவிட அதிகத் தொகையும், நோட்டீஸில் சொல்லாத காரணமும் உத்தரவில் வரக் கூடாது. 2A வித்தியாசம் என்று தொடங்கிய நோட்டீஸ், சரக்கே வரவில்லை என்று முடிந்தால் அது நிற்காது. முதல் குற்றச்சாட்டுக்கான பதில் முழுவதும் ஏற்கப்பட்டு ரூ.1,80,000 மட்டும் உறுதியானால், கடைக்காரருக்கு மூன்று மாதம் இருக்கிறது. ரூ.18,000-ஐ முன்வைப்பாகக் கட்டி APL-01 படிவத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. அந்தக் கோப்பிலும் முதலில் இருக்க வேண்டியது எடைமேடைச் சீட்டும், விற்பனையாளருக்கு அழைப்பாணை அனுப்பக் கேட்ட அந்தப் பத்தியும்தான்.